சுருங்கிய கட்டி

ராஜலிங்கத்தின் கழுத்துக் கட்டி சுருங்கியபோது எல்லோரும் சந்தோஷப்பட்டார்கள். பிழை அங்கேதான் நடந்தது. அதற்கு முன்னால் நடந்ததை எல்லாம் மன்னிக்கலாம்.

2007ஆம் ஆண்டு. யுத்தம் வடக்கிலும் கிழக்கிலும் நடந்தது. கண்டிக்கு அது சோதனைச்சாவடியாகவும் பொலிஸ் பதிவாகவும் வந்து சேர்ந்தது. ராஜலிங்கம் கட்டுகஸ்தோட்டையில் ஒரு இரும்புக்கடையில் வேலை செய்தான். ஆணி, பூட்டு, தண்ணீர்க் குழாய், எது கேட்டாலும் நிமிர்ந்து பார்க்காமல் எடுத்துக் கொடுப்பான். மடவளையில், கடை முதலாளி நஸீர் ஹாஜியாரின் வீட்டு மேல்மாடியில் ஒரு அறையில் இருந்தான். கல்யாணம் ஆகவில்லை. சிறுநீரகம் இரண்டும் கெட்டுப்போய், பன்வில தோட்டத்தில் கொழுந்து பறிக்கும் அக்கா பாலம்மா ஒன்றைக் கொடுத்து, அது அவன் வலது அடிவயிற்றில் இரண்டு வருஷமாக ஒழுங்காக வேலை செய்துகொண்டிருந்தது.

இன்னொருவரின் சிறுநீரகத்தை உடம்பு சும்மா விடாது. அதை அடித்துத் துரத்தப் பார்க்கும். அதனால் உடம்பின் காவலைத் தூங்கவைக்க சைக்ளோஸ்போரின் என்ற மருந்தைக் காலையும் மாலையும் விழுங்க வேண்டும். கூட விழுங்கினால் காவல் முழுதாகத் தூங்கி வேறு நோய் வரும். குறைய விழுங்கினால் காவல் விழித்துச் சிறுநீரகத்தைக் கடிக்கும். இந்த இரண்டுக்கும் நடுவில் ஆளைக் கொண்டுபோவதுதான் டொக்டர் விமலநாதனின் தொழில். சாவகச்சேரிக்காரர். பேராதனையில் படித்து, இங்கிலாந்தில் பயிற்சி பெற்று, திரும்பி வந்தவர். ஊர் போகப் பாதை இல்லாததால் கண்டியில் தங்கிவிட்டவர். நல்ல டொக்டர் என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். அது பொய்யும் இல்லை.

அந்த வருஷம் மாசி மாதம் ராஜலிங்கத்தின் இடது கழுத்தில் பாக்களவு ஒரு கட்டி வந்தது. நோகவில்லை. பின்னேரங்களில் லேசாக உடம்பு சுட்டது. விமலநாதன் ஊசி குத்திக் கொஞ்சம் நீர் எடுத்து, ஆய்வுகூடத்துக்கு அனுப்பினார்.

ஆய்வுகூடத்தில் இருந்தவள் றீற்றா. நோயியல் நிபுணர். அவளும் விமலநாதனும் ஒரே ஆண்டில் படித்தவர்கள். இந்த ஊரில் அவரை "நீ" என்று கூப்பிடக்கூடிய ஒரே ஆள். தொலைபேசி எடுத்தாள்.

"விமல், இந்தத் துளியில ஒண்டும் சொல்லேலாது. வெள்ளணு கனக்கக் கிடக்கு. கசம் எண்டும் சொல்லேலாது, இல்லை எண்டும் சொல்லேலாது. கட்டியை முழுசா வெட்டி அனுப்பு."

"பார்ப்பம்."

"பார்ப்பம் எண்டா?"

"ஆள் தோட்டத்து ஆள், றீற்றா. லயத்தில ஒரு அறைக்குள்ள எட்டுப் பேர் படுக்கிற சனம். காவல் வேற தூங்குது. கசம் இல்லாம வேற என்ன?"

கிளினிக் அட்டையில் விலாசம் பன்வில தோட்டம் என்று இருந்தது. நிரந்தர விலாசம் கேட்டபோது ராஜலிங்கம் அக்காவின் விலாசத்தைக் கொடுத்திருந்தான். வாடகை அறை நிரந்தரம் ஆகாது என்று நினைத்தான். அவன் லயத்தைவிட்டு வந்து பதினைந்து வருஷம் ஆகியிருந்தது. மேல்மாடி அறையில் தனியாகத்தான் படுத்தான். விமலநாதன் இதை ஒருமுறை கேட்டிருந்தால் தெரிந்திருக்கும். அவர் கேட்கவில்லை. அட்டையை வாசித்தார். வாசித்ததும் மிச்சத்தை அவரே நிரப்பிக்கொண்டார்.

கசம் என்ற காசநோய்க்கு நான்கு மருந்துகள் தொடங்கினார். அதில் ஒன்று ரிஃபாம்பிசின். ஈரல் சைக்ளோஸ்போரினைக் கரைக்கும் வேகத்தை அது பல மடங்காக்கும். இது விமலநாதனுக்குத் தெரியும். அதனால் சைக்ளோஸ்போரின் அளவையும் கூட்டிக் கொடுத்தார். எவ்வளவு கூட்டினால் சரி என்பதை இரத்தத்தைச் சோதித்துத்தான் சொல்லலாம். அந்தச் சோதனை கொழும்பில்தான் நடக்கும். கொழும்பில் அந்த நாட்களில் குண்டு வெடித்து, ரோட்டை மூடி, ஏதாவது ஒன்று நடந்துகொண்டே இருந்தது. முடிவு வரத் தாமதமானது.

அதற்கிடையில் கட்டி சுருங்கியது. பாக்களவு இருந்தது கடலையளவு ஆனது. பின்னேரச் சூடும் நின்றுவிட்டது.

கிளினிக்கில் ராஜலிங்கம் கழுத்தைத் திருப்பிக் காட்டினான். பக்கத்தில் பாலம்மா நின்றாள். தம்பியைவிட ஒரு முழம் குட்டை. அவனை அதட்டுவதில் மட்டும் குறைவில்லை.

"காட்டுறா நல்லா. சட்டையத் தள்ளிக் காட்டு. பாருங்க டொக்டரய்யா, இருந்த எடமே தெரியல."

"கசம்தான். மருந்துக்குக் கேட்டிட்டுது. குளிசையை விடாமப் போடும்" என்றார் விமலநாதன்.

"இவனா விடுறவன்? கடியாரம் பாத்து முழுங்குறான்யா. ஹாஜியார் வீட்டுல பாங்கு கேட்டா ஒண்ணு, கடை தொறந்தா ஒண்ணு."

அன்று மதியம் கன்டீனில் றீற்றா அவருக்கு எதிரே வந்து உட்கார்ந்தாள். சாப்பாட்டுப் பார்சலைப் பிரித்துக்கொண்டே கேட்டாள்.

"உன்ர கசக்காரன் எப்பிடி?"

"கட்டி வத்திட்டுது."

அவள் பிசைவதை நிறுத்தினாள். "இவ்வளவு கெதியிலயோ?"

"கெதியா வத்தினாலும் பிழையோ உனக்கு?"

"கசக் கட்டி இப்பிடி வத்தாது, விமல். மாசக்கணக்கா இழுக்கும். சிலது மருந்து துவங்கினாப் பிறகு இன்னும் வீங்கும். உனக்குத் தெரியாததே? இருக்கிற கொஞ்சத்தை எண்டாலும் வெட்டி எடு. பிறகு பார்க்க ஒண்டும் மிஞ்சாது."

"சுகப்பட்டுக்கொண்டு வாறதை ஏன் வெட்டுவான்? காவல் இல்லாத உடம்பு. வெட்டின இடத்தில சீழ் கட்டினா நீயோ வந்து மருந்து போடுவாய்?"

"வேற ஏதோ ஒண்டு வத்த வைச்சிருக்கு. அது என்னெண்டு எனக்குத் தெரிய வேணும்."

"உனக்குத் தெரிய வேணும் எண்டு ஆளை வெட்டேலாது."

நல்ல பதில்தான். அந்த மேசையில் இருந்த மற்றவர்கள் சிரித்தார்கள். றீற்றா சாப்பிட்டு எழுந்து போனாள். அவள் அன்றைக்கு இன்னும் கொஞ்சம் சண்டை பிடித்திருக்கலாம். பிடிக்கவில்லை. அவளுக்கும் அன்று வேறு வேலை இருந்தது.

கொழும்பிலிருந்து முடிவு வந்தது. இரத்தத்தில் சைக்ளோஸ்போரின் கிட்டத்தட்ட இல்லை. கூட்டிக் கொடுத்தும் ரிஃபாம்பிசின் எல்லாவற்றையும் தின்றிருந்தது. அதே கிழமையில், சிறுநீரகம் கெடுவதை இரத்தத்தில் காட்டும் கிரியேற்றினின் ராஜலிங்கத்துக்கு ஏறத் தொடங்கியது. காவல் விழித்து, பாலம்மாவின் சிறுநீரகத்தைக் கடிக்கத் தொடங்கிவிட்டது.

விமலநாதன் பாய்ந்து வேலை செய்தார். அவனை வார்ட்டில் சேர்த்து, ஸ்டெரொயிட் ஊசிகள் ஏற்றி, சைக்ளோஸ்போரினை மூன்று மடங்குக்கு மேல் கூட்டி, இரத்தத்தைத் தன் சாரதி கையிலேயே கொழும்புக்கு அனுப்பி, அளவைப் பிடித்துவிட்டார். கிரியேற்றினின் இறங்கியது. சிறுநீரகம் தப்பியது. பாலம்மா வார்ட்டிலேயே அவர் காலைத் தொட்டுக் கும்பிட்டாள். அவர் பின்வாங்கினாலும் அவருக்கு அது பிடித்திருந்தது.

வைகாசியில் கட்டி திரும்பி வந்தது. அதே இடத்தில், முன்னையதைவிடப் பெரிதாக. வலது பக்கத்திலும் ஒன்று.

காசநோய் மருந்துக்குக் கேட்ட கட்டி மருந்தோடு இருக்கும்போதே திரும்பி வந்தால் இரண்டு காரணங்கள்தான். ஒன்று, மருந்துக்கு அடங்காத கிருமி. மற்றது, ஆள் மருந்தை விழுங்கவில்லை. விமலநாதன் இரண்டாவதை எடுத்தார். அதை எடுப்பது சுலபமாக இருந்தது.

"நீர் குளிசை போடுறதில்லை" என்றார்.

"போடுறேன்ங்க."

"போட்டா ஏன் கட்டி வருகுது?"

"அது எனக்கு எப்பிடிங்க தெரியும்?"

ராஜலிங்கம் மடியில் வைத்திருந்த சொப்பிங் பையை மேசையில் வைத்தான். உள்ளே வெறும் மாத்திரை அட்டைகள். காசநோய் மருந்தின் சிவப்பு அட்டைகள், சைக்ளோஸ்போரினின் வெள்ளி அட்டைகள், எல்லாமே காலி. கடையில் சாமான் கணக்குப் பார்த்த பழக்கத்தில் ஒன்றையும் எறியாமல் சேர்த்திருந்தான்.

விமலநாதன் பையைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. "அட்டையிலயிருந்து பிச்சு வெளியில எறியேலாதோ?" என்றார்.

கிளினிக்கில் ஆட்கள் நிறைய இருந்தார்கள். எல்லோருக்கும் கேட்டது. ராஜலிங்கம் பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டான்.

பாலம்மாதான் பேசினாள். "என் வயித்தக் கிழிச்சு எடுத்தத உள்ள வச்சிருக்கான்யா. அவனா எறிவான்?"

"அம்மா, நான் எத்தினை பேரைப் பார்த்திட்டன். சுகம் எண்டு கண்டவுடனே விட்டிருவினம். இனி ஒவ்வொரு நாளும் காலம வந்து தாதிக்கு முன்னால விழுங்க வேணும். எல்லாக் குளிசையும்."

அப்படியே நடந்தது. ராஜலிங்கம் தினமும் காலையில் மடவளையிலிருந்து பஸ் ஏறினான். கட்டுகஸ்தோட்டைப் பாலத்தடிச் சோதனைச்சாவடியில் இறக்கி, வரிசையில் நிற்கவைத்து, அடையாள அட்டை பார்த்து ஏற்றுவார்கள். பிறகு கிளினிக்கில் தாதி லீலாதேவி மிஸ்ஸுக்கு முன்னால் நின்று, ஒவ்வொன்றாக விழுங்கி, வாயைத் திறந்து நாக்கைத் தூக்கிக் காட்டினான். மாலை மாத்திரையை ஹாஜியாரின் மனைவிக்கு முன்னால் விழுங்க ஏற்பாடு. அவளுக்கும் நாக்கைக் காட்டினான். "எனக்கு ஏன் மகன் காட்டுறீங்க, வாய மூடுங்க" என்று அவள் முதல் நாளே சொல்லிவிட்டாள். அவன் விடவில்லை.

ஒரு மாத்திரை தவறவில்லை. கட்டி வளர்ந்தது. நாள் தவறாமல் விழுங்க விழுங்க வளர்ந்தது. பிறகு வயிற்றுவலி வந்தது. ஆள் மெலிந்தான்.

லீலாதேவி ஒருநாள் விமலநாதனின் அறைக்கு வந்து, "சேர், அவர் விழுங்குறார். நான் என்ட கண்ணால பாக்கிறன்" என்று சொன்னாள். அன்றுதான் விமலநாதன் கட்டியை வெட்டச் சொல்லி எழுதினார்.

றீற்றா கூப்பிட்டபோது அவர் நடந்தே போனார். இரண்டு பேர் ஒரே நேரத்தில் பார்க்கும் நுண்ணோக்கி அவளிடம் இருந்தது. எதிர்ப்பக்கக் கண்ணாடியில் அவர் குனிந்தார்.

"கசம் எங்கயாவது தெரியுதோ?" என்று கேட்டாள்.

"இல்லை."

"தெரியிறது என்ன?"

வெள்ளணுவில் ஒரு வகையான பி அணுக்கள், பெரிது பெரிதாக, ஒன்றன்மேல் ஒன்றாக, கண்டபடி பெருகிக் கிடந்தன. றீற்றா வேறொரு கண்ணாடித் துண்டை வைத்தாள். இதில் அணுக்கள் மண்ணிறமாகச் சாயம் பிடித்திருந்தன.

"எப்ஸ்டீன்-பார் வைரஸின்ர புரதத்துக்குப் போட்ட சாயம். சிங்கப்பூரில இருக்கிற சிநேகிதிக்கும் ஒரு துண்டு அனுப்பினனான். அவளும் அதுதான் எண்டுறாள். உனக்கும் எனக்கும் இந்த வைரஸ் இருக்கு, விமல். சின்னனில வந்திட்டு, பி அணுவுக்குள்ள சத்தமில்லாமப் படுத்திருக்கும். எங்கட காவல் முழிச்சிருக்கிறதால அது எழும்பாது. இவன்ர காவலை நாங்கள் படுக்க வைச்சம். அது எழும்பி, படுத்திருந்த அணுவைப் புற்றுநோயாப் பெருக்குது."

"அப்ப முதல் வத்தினது..."

"ரிஃபாம்பிசின் உன்ர சைக்ளோஸ்போரினைத் திண்டுது. காவல் முழிச்சுது. முழிச்ச காவல் கட்டியை அடிச்சுது. அதே காவல்தான் சிறுநீரகத்தையும் அடிச்சுது. கசமருந்து கேட்டது எண்டு நீ நினைச்சாய். அவனுக்குத் தேவையான வைத்தியம் பிழையாலதான் நடந்தது. பிறகு நீ அதைத் திருத்தினாய்."

விமலநாதன் கண்ணாடியிலிருந்து முகத்தை எடுக்கவில்லை. எடுத்தால் அவளைப் பார்க்க வேண்டும்.

"மூண்டு மடங்கு கூட்டினன்" என்றார்.

"ஓம். நாள் தவறாம விழுங்கவும் வைச்சாய்."

அவள் குரல் இறங்கியது. "இனி மினக்கெடேலாது. சைக்ளோஸ்போரினை நிப்பாட்ட வேணும். இந்த வைரஸுக்கு ஒளிக்கத் தெரியும். இப்ப இந்த அணுக்கள் கனக்க ஒளிக்கேல்ல. அதாலதான் எனக்குச் சாயம் பிடிச்சது. ஒளிக்கிறது மட்டும் மிஞ்ச முன்னம் காவலை எழுப்ப வேணும்."

"நிப்பாட்டினா அந்தச் சிறுநீரகம் போகும்."

"போகும். நீதான் போய்ச் சொல்ல வேணும். நானும் வாறன்."

அடுத்த நாள் வார்ட்டின் கோடியில் இருந்த சின்ன அறையில் அக்காவையும் தம்பியையும் உட்காரவைத்துச் சொன்னார்கள். காசநோய் இல்லை என்பதை விமலநாதன் சொன்னார். பாலம்மா "அப்ப இத்தினி நாள்?" என்று கேட்டாள். அவர் "பிழை" என்றார்.

மிச்சத்தை றீற்றா எடுத்துக்கொண்டாள். ராஜலிங்கத்தைப் பார்த்துக் கேட்டாள்.

"மடவளையில நீங்கள் இருக்கிற வீட்டில பொலிசுக்குப் பேர் எழுதிக் குடுத்தனீங்களோ?"

"குடுத்தோம்ங்க. ஹாஜியார் போயிக் குடுத்தாரு. வருசா வருசம்."

"உடம்பிலயும் அதுதான் முறை. ஒவ்வொரு அணுவும் தனக்குள்ள இருக்கிற புரதத்தைச் சின்னச் சின்னத் துண்டா நறுக்கி, ஒரு தாங்கியில வைச்சு வெளிவாசலில காட்ட வேணும். எம்.எச்.சி எண்டு அந்தத் தாங்கிக்குப் பேர். காவல்கார வெள்ளணு சுத்தி வந்து வாசல் வாசலா அதைப் பார்க்கும். உள்ளுக்க வைரஸ் இருந்தா அதின்ர துண்டும் வாசலில தெரியும். உடனே அந்த அணுவைக் கொல்லும்."

"ஆளையே கொன்னுருமா?" என்றாள் பாலம்மா.

"அந்த வீட்டை. ஓம். இந்த வைரஸ் தப்ப மூண்டு வழி வைச்சிருக்கு. தன்ர ஒரு புரதத்தில ஒரே மாதிரிக் கண்ணிகளை நீளமாக் கோத்து வைச்சிருக்கு. அதை அணுவால லேசில நறுக்கேலாது. நறுக்காட்டி வாசலுக்குத் துண்டு போகாது. இது ஒண்டு. பெருகி வெளியில வரேக்க, துண்டுகள் மேல ஏறிப் போற ஓட்டையையே அடைச்சுப்போடும். அப்ப தாங்கிக்கு வைக்க ஒண்டும் இல்லை, வாசல் வெறுமை."

"வெறும் வாசலாக் கெடந்தா சந்தேகப்பட மாட்டாங்களா?" என்றான் ராஜலிங்கம்.

றீற்றா அவனை ஒருமுறை நன்றாகப் பார்த்தாள். "படும். வெறும் வாசலைக் கண்டா அடிக்கிறதுக்கெண்டே வேற ஒரு காவல் கிடக்கு. அதாலதான் மூண்டாவது வழி. எங்கட அணுக்கள் ஒண்டுக்கொண்டு செய்தி அனுப்பும். சைட்டோகைன் எண்டு சொல்லுறது. அதில ஒண்டு, 'சண்டை போதும், அமைதியா இருங்கோ' எண்டு சொல்லுற செய்தி. அந்தச் செய்தியைச் செய்யிற மரபணுவை இந்த வைரஸ் எங்களிட்ட இருந்தே எப்பவோ களவெடுத்து வைச்சிருக்கு. பெரியவரின்ர குரலில 'பிரச்சினை இல்லை, திரும்பிப் போங்கோ' எண்டு காவலுக்குத் தொலைபேசி எடுக்கிற மாதிரி."

ராஜலிங்கம் சிரித்தான். சிரித்தபோது கழுத்தின் இரண்டு பக்கமும் கட்டிகள் அசைந்தன. "கெட்டிக்காரன்தாங்க. நாங்க வீட்டுப் பூனை பேரத் தவிர எல்லாத்தையும் எழுதிக் குடுத்தோம். அப்பவும் தேடுனாங்க."

பாலம்மா சிரிக்கவில்லை. "என் கிட்னியோட வந்துச்சாங்க இது?"

"இல்லை" என்றாள் றீற்றா. "அனேகமா அவருக்குள்ள சின்னனில இருந்தே கிடந்தது. உங்களிலயும் கிடக்கும். டொக்டரிலயும் கிடக்கும்."

"என்னால வரல?"

"உங்களால வரேல்ல."

பாலம்மா தலையாட்டினாள். பிறகு விமலநாதன் சொல்ல வேண்டியதைச் சொன்னார். மாத்திரையை நிறுத்த வேண்டும். நிறுத்தினால் காவல் விழித்துக் கட்டியை அடிக்கும். சிறுநீரகத்தையும் விடாது. அது போனால் பழையபடி கிழமைக்கு மூன்று முறை இரத்தம் கழுவ வேண்டும்.

"வேணாம்ங்க" என்றான் ராஜலிங்கம். "அது அக்காவோடது. வேற வழி பாருங்க."

"டேய்" என்றாள் பாலம்மா.

"மலை ஏறி எறங்குறவ. ஒரு கிட்னிய வச்சிக்கிட்டுக் கொழுந்து கூடையச் சொமக்குறா. அத எடுத்துக் குப்பையில போடச் சொல்றீங்களா?"

"நான் குடுத்தது ஒனக்குடா. கிட்னிக்கா நான் ஒன்னையக் குடுத்தேன்?" அவள் விமலநாதன் பக்கம் திரும்பினாள். "நிப்பாட்டுங்கய்யா. இவன்கிட்டக் கேக்காதீங்க."

நிறுத்தினார்கள்.

விமலநாதன் ஒவ்வொரு நாளும் காலையில் வார்ட்டுக்கு வந்து முதலில் கழுத்தைத் தொட்டுப் பார்த்தார். பிறகு அடிவயிற்றை. கழுத்துக் கட்டிகள் இளகின. சிறுநீர் குறைந்தது. ஒன்று இறங்குவதற்கும் மற்றது கெடுவதற்கும் ஒரே காரணம் என்பதால் அவருக்கு எதற்கு முகத்தை மலர்த்துவது என்று தெரியவில்லை. ராஜலிங்கத்தின் வலது அடிவயிறு வீங்கி, தொட்டால் நொந்தது. பாலம்மா உள்ளங்கையை அதன்மேல் மெதுவாக வைத்தாள்.

"சூடா இருக்கு" என்றாள்.

கையை எடுக்கவில்லை.

ஆவணியில் சிறுநீரகம் நின்றது. கழுத்தும் வெறுமையானது. இரத்தம் கழுவும் மெஷினில் போட்டார்கள். கணக்குப்படி இங்கே முடிந்திருக்க வேண்டும். ஒன்று கொடுத்து ஒன்று வாங்கியாயிற்று. ஆனால் வயிற்றுவலி போகவில்லை. ஸ்கேன் எடுத்துப் பார்த்தால் குடலில் ஒரு கட்டி. அது இளகவே இல்லை. காவல் முழுதாக விழித்திருக்கும்போதே வளர்ந்துகொண்டிருந்தது.

அதிலிருந்து ஒரு துண்டு றீற்றாவிடம் போனது. இந்தமுறை விமலநாதன் நுண்ணோக்கியில் குனிந்தபோது சாயம் ஒன்றுமே பிடித்திருக்கவில்லை.

"வைரஸ் போயிட்டுதோ?"

"இல்லை. சிங்கப்பூரில வேற முறையாப் பார்த்தவை. ஒவ்வொரு அணுவுக்குள்ளயும் கிடக்கு. மற்றப் புரதங்கள் எல்லாத்தையும் மூடிப்போட்டு, நான் சொன்ன அந்த நறுக்கேலாத ஒண்டை மட்டும் வைச்சிருக்கு. தாங்கிகளும் குறைஞ்சுபோச்சு. வாசலில ஒண்டும் இல்லை. காவல் பக்கத்தால போகுது, வருகுது, அதுக்குக் கண் தெரியேல்ல."

"முதலே இப்பிடி இருந்ததோ?"

றீற்றா நுண்ணோக்கியின் விளக்கை அணைத்தாள். "தெரியாது. மாசியில நான் பார்க்க எனக்கு முழுக் கட்டி கிடைக்கேல்ல. அப்ப எல்லா அணுவும் வெளியில தெரிஞ்சிருக்கலாம். அந்த ஒருமுறையோட எல்லாத்தையும் துடைச்சிருக்கலாம். அரைவாசியில நிப்பாட்டி, திரும்பப் படுக்க வைச்சு, பிறகு திரும்ப எழுப்ப, ஒளிக்கத் தெரிஞ்சது மட்டும் மிஞ்சினதா இருக்கலாம். இல்லாட்டி இது வேற கட்டியா இருக்கலாம். நிச்சயமாச் சொல்லேலாது, விமல்."

"நீ அப்பவே வெட்டச் சொன்னனீ."

"சொன்னன். பிறகு சாப்பிட்டிட்டு எழும்பிப் போனன்."

புற்றுநோய் மருந்துகள் ஏற்றினார்கள். இரத்தம் கழுவிக்கொண்டே அதையும் தாங்க அந்த உடம்பில் ஒன்றும் மிஞ்சியிருக்கவில்லை. இரண்டு முறைக்குப் பிறகு நிறுத்தினார்கள். ஹாஜியார் ஒருநாள் வந்து, கட்டிலுக்குப் பக்கத்தில் நின்று, கடையில் ஆணிப் பெட்டிகளை யாரோ மாற்றி வைத்துவிட்டதாகவும் ஒன்றும் கண்டுபிடிக்க முடியவில்லை என்றும் குறைப்பட்டுவிட்டுப் போனார். ராஜலிங்கம் எந்தத் தட்டில் எது என்று வரிசையாகச் சொல்லி அனுப்பினான்.

விமலநாதன் மத்தியானத்தில் வந்தார். பார்வையாளர் நேரம் முடிந்திருந்தது. பாலம்மா வெளியே பைப்படியில் கோப்பை கழுவிக்கொண்டிருந்தாள். அவர் கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். டொக்டர்மார் அந்த வார்ட்டில் உட்காருவதில்லை. பக்கத்துக் கட்டில்காரர்கள் பார்த்தார்கள்.

"ராஜலிங்கம், அண்டைக்கு கிளினிக்கில எல்லாருக்கும் முன்னால ஒரு கதை சொன்னன். நீங்கள் குளிசை போடுறதில்லை எண்டு. அட்டையில இருந்து பிச்சு எறியிறீங்கள் எண்டு." அவர் முதன்முறையாக நீங்கள் என்றார். "நான் அந்தப் பையைப் பார்த்திருக்க வேணும். நீங்கள் ஒண்டும் விடேல்ல. ஒரு குளிசைகூட எறியேல்ல. அது எனக்கு இப்ப தெரியும்."

ராஜலிங்கம் அவரையே பார்த்துக்கொண்டிருந்தான். முகம் வற்றி, கண் மட்டும் பெரிதாகத் தெரிந்தது. அவர் சொன்னதை விளங்கிக்கொண்டானா என்று விமலநாதனுக்குச் சந்தேகம் வந்தது. விளங்கியிருந்தான். சைக்ளோஸ்போரின் என்ன செய்தது, அதை நிறுத்தியபோது கழுத்து எப்படி இளகியது, எல்லாவற்றையும் கடைச் சாமான்போல் அவன் ஏற்கனவே தட்டுத் தட்டாக அடுக்கி வைத்திருந்தான்.

"எறிஞ்சிருக்கணும்ங்க" என்றான். "நீங்க சொன்ன மாதிரியே."

குரலில் கோபம் இல்லை. விலையை விசாரித்தவனுக்கு விலை சொல்வதுபோல் சொன்னான். பிறகு கண்ணை மூடிக்கொண்டான்.

பாலம்மா கழுவிய கோப்பையோடு உள்ளே வந்தாள். டொக்டர் கதிரையில் உட்கார்ந்திருப்பதைக் கண்டு பதறி, தூங்குகிற தம்பியின் தோளைத் தட்டினாள்.

"எந்திரிடா. டொக்டரய்யா வந்திருக்காரு, மாத்திரை போட்டாச்சான்னு கேப்பாரு."